விளையாட்டு விழா: முதலில் டேப், பிறகு பட்டியல்

பள்ளி விளையாட்டு விழாவின் திட்டம் பெரும்பாலும் போட்டிப் பட்டியலில் தொடங்குகிறது. போன ஆண்டுப் பட்டியலை எடுத்து, தேதியை மாற்றி, சிறப்பு விருந்தினர் பெயரைத் திருத்தினால் வேலை முடிந்தது என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. உண்மையில் அந்த ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது திடலின் அளவு. எந்த ஓட்டம் நடக்கும், எது நடக்கக்கூடாது, பெற்றோர் எங்கே நிற்பார்கள், சக்கர நாற்காலி எந்த வழியாக வரும் என்பதையெல்லாம் அந்த அளவுதான் முடிவு செய்கிறது.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 360 மாணவர்கள் படிக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். திடல் 105 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். ஒரு கோடியில் சுற்றுச்சுவர், மறு கோடியில் வகுப்பறைக் கட்டடம். மாணவர்கள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு அணிகள். தமிழ்நாட்டின் நடுத்தரப் பள்ளிகள் பலவற்றின் நிலை ஏறக்குறைய இதுதான்.

எல்லோரும் எதிர்பார்ப்பது 100 மீட்டர் ஓட்டம். அது இந்தத் திடலில் அடங்காது. ஓடுபவர்கள் நிற்கத் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டராவது வேண்டும். முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு வேகம் குறைய 17 மீட்டர் வேண்டும் என்பது தடகள விதி. ஆக, 100 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான நேர்கோட்டு இடம் 120 மீட்டர். இதைக் கணக்கில் எடுக்காமல் கோடு போட்டால் முடிவுக்கோடு சுவரை ஒட்டி வந்துவிடும். முதலிடத்துக்காகத் தலையை முன்னே தள்ளி ஓடி வருகிற பிள்ளை கைகளை நீட்டிச் சுவரில் மோதி நிற்கும். மணிக்கட்டு முறிவுக்கு அது ஒன்றே போதும். 80 மீட்டர் ஓட்டம் என்றால் 3, 80, 17 சேர்த்துச் சரியாக 100 மீட்டர். இந்தத் திடலில் அடங்கும். குறுவட்டப் போட்டிக்கு 100 மீட்டர் ஓட ஆள் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அதை வேறொரு நாள் பெரிய திடலில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுற்றுப்பாதை. 400 மீட்டர் பாதைக்கு இங்கே வழியில்லை; 200 மீட்டர் பாதை அடங்கும். இரண்டு பக்கமும் 40 மீட்டர் நேர்பகுதி, இரண்டு முனையிலும் அரைவட்டம். அரைவட்டத்தின் நடுப்புள்ளியில் முளை அடித்து, 18.90 மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்தால் உட்கோடு கிடைக்கும். ஓடுபவர் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை; அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறார் என்று வைத்துத்தான் தூரம் அளக்கப்படுகிறது. அப்படிப் பார்த்தால் ஓடும் வட்டத்தின் ஆரம் 19.10 மீட்டர். இரண்டு வளைவும் சேர்ந்து 120 மீட்டர், நேர்பகுதிகள் 80 மீட்டர், மொத்தம் 200. நான்கு அணிகளுக்கு நான்கு தடங்கள் போதும். ஆறு தடம் போட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அகலவாக்கில் ஏழரை மீட்டர்தான் மிஞ்சும். 360 பிள்ளைகளும் பெற்றோரும் தடத்தின் மீதே நிற்க வேண்டியதாகிவிடும். 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு தடம் போட்டால் 12 மீட்டருக்கு மேல் மிஞ்சுகிறது.

இங்கே வழக்கமாக நடக்கிற ஒரு பிழை உண்டு. வெளித்தடத்தில் ஓடுபவர் அதிக தூரம் சுற்றுவதால் அவரை முன்னால் நிறுத்துகிறோம். எவ்வளவு முன்னால் என்பதற்குப் பலரும் பெரிய திடலின் கணக்கை நினைவில் வைத்திருப்பார்கள். 400 மீட்டர் பாதையில் 200 மீட்டர் ஓட்டம் ஒரே ஒரு வளைவைத்தான் தாண்டும். 200 மீட்டர் பாதையில் அதே ஓட்டம் முழுச் சுற்று, இரண்டு வளைவு. அதனால் முன்தள்ளலும் இரு மடங்கு வேண்டும். தடத்தின் அகலத்தை 6.28 ஆல் பெருக்கினால் விடை வரும்: 1.22 மீட்டர் தடத்துக்கு 7.66 மீட்டர். இரண்டாம் தடம் 7.66, மூன்றாம் தடம் 15.32, நான்காம் தடம் 22.98 மீட்டர் முன்னால். நான்காம் தடத்துப் பிள்ளை 23 மீட்டர் முன்னே நிற்பதைப் பார்த்து முதல் தடத்துப் பிள்ளையின் அப்பா சண்டைக்கு வருவார். ஆவணத்தில் இந்தக் கணக்கு எழுதியிருந்தால் அவரிடம் காட்டிவிடலாம். பாதி அளவே விட்டிருந்தால் நான்காம் தடத்துப் பிள்ளை கிட்டத்தட்ட 11 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். அதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

கோடு போட எது வாங்குவது என்பதையும் எழுதி வைப்பது நல்லது. நீற்றாத சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கும். ஆனால் வியர்த்த கையிலும் கண்ணிலும் பட்டால் புண்ணாக்கும். கோலமாவும் சாக்குப்பொடியும் கண்ணைப் பொசுக்காது.

திடலை அளந்த பிறகுதான் போட்டிகள். எறிதல், தாண்டுதல் போட்டிகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விழுகிற இடம் தயாராக இருக்கிறதா? நீளம் தாண்டும் குழியின் மணலை அன்று காலையில் மண்வெட்டியால் கொத்திக் கிளறி, கல்லும் கண்ணாடியும் இல்லையென்று கையால் அளைந்து பார்க்க வேண்டும். மழை பெய்து இறுகிய மணல் தரைக்குச் சமம். உயரம் தாண்டுதலில் தடித்த பஞ்சு மெத்தை இல்லாத பள்ளியில் முதுகு கீழே வரும்படி தாண்டும் முறைக்கு அனுமதியே கிடையாது என்று ஆவணத்திலேயே எழுத வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மணலில் அப்படித் தாண்டுகிற பிள்ளை கழுத்தில் விழும். மணல் குழி என்றால் காலை மாற்றிப் போட்டு நின்றபடி இறங்கும் கத்தரித் தாண்டல்தான்.

குண்டு எறிதலுக்கு எறிவட்டத்திலிருந்து விரியும் இரண்டு கோடுகள் வேண்டும். கோண அளவி தேவையில்லை. வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடையே 6 மீட்டர் இருந்தால் கோணம் சரி. இந்தப் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே அளப்பவர் இருவரைத் தவிர யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்த குண்டைக் கையில் எடுத்துத்தான் வர வேண்டும். உருட்டவோ திருப்பி எறியவோ கூடாது. வட்டு எறிதலுக்குக் கம்பிவலைக் கூண்டு வேண்டும். ஈட்டிக்கு இதைவிட நீண்ட, ஆளில்லாத திடல் வேண்டும். 105 மீட்டர் திடலில், கூட்டம் கூடுகிற நாளில், இரண்டையும் வைக்காமல் இருப்பதே சரி.

கயிறு இழுத்தல் ஆபத்தில்லாத விளையாட்டு என்று பலருக்கும் எண்ணம். 1997இல் தைவானின் தைபே நகரில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து இழுத்த போட்டியில் கயிறு அறுந்து இரண்டு பேரின் கை துண்டானது. பள்ளியில் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும், இடுப்பில் கட்டிக்கொள்வதும், கடைசி ஆள் முடிச்சுப் போட்டுப் பிடிப்பதும் விரலையும் தோலையும் பதம் பார்க்கும். பக்கத்து லாரியிலிருந்து அவிழ்த்து வந்த நைலான் கயிறு நீண்டு, அறுந்து, சாட்டைபோல் திரும்பி அடிக்கும். தடித்த தேங்காய்நார்க் கயிறோ பருத்திக் கயிறோ வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு அணிக்கு எட்டுப் பேர் போதும். முடிவுக்கோட்டில் கட்டுவதற்கும் நைலான் ஆகாது. தொட்டதும் அறுகிற கம்பளி நூல்தான் கழுத்தை அறுக்காது.

மாணவர்கள் எல்லோருக்கும் இடமுள்ள பட்டியலைத் தயாரிக்கும் வேலையை இந்த இடத்திலேயே செய்ய வேண்டும். பல பள்ளிகளில் ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் “மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான போட்டி” என்று ஒரு வரி இருக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒரு பந்தை எறியச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே டிபன் பாக்ஸைப் பரிசாகக் கொடுத்து, கைதட்டி அனுப்பிவிடுவார்கள். அது போட்டியாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்களிடம் கேட்பது, விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு. சமம் என்றால் அணிக்குப் புள்ளி வர வேண்டும். தோற்கவும் வாய்ப்பு இருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுப் பள்ளியில் அப்படி மூன்று பேர். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சக்கர நாற்காலியில் வருகிறாள். கைகளில் நல்ல வலு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மூளை முடக்குவாதத்தால் இடப்பக்கம் இறுக்கம். ஓடுவான், திரும்பும்போது தடுமாறுவான். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் காலில் காலிப்பர் அணிந்து ஊன்றுகோலுடன் நடக்கிறான். மூவரையும் “நடக்க இயலாதவர்கள்” என்று ஒரே பெட்டியில் போட்டால் திட்டம் அங்கேயே கெட்டுவிடும். முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும், பிறகு பெற்றோரிடம். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் எந்த அசைவு கூடாது என்பதைச் சொல்லிவிடுவார்கள்.

மூவருக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாகப் பொருந்துகிற ஆட்டம் போச்சியா. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்து ஒன்றை முதலில் போட வேண்டும். பிறகு ஒரு பக்கத்தார் ஆறு சிவப்புப் பந்துகளையும், மறு பக்கத்தார் ஆறு நீலப் பந்துகளையும் அதற்கு மிக அருகில் சேர்க்கப் பார்க்க வேண்டும். கோலிக்குண்டு ஆடிய எவருக்கும் உடனே பிடிபடும். ஆடுகளம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். உண்மையான பந்து 275 கிராம் எடையுள்ள தோல் பந்து. பள்ளியில் அதே எடைக்குத் துணிப்பையில் மணலோ அரிசியோ நிரப்பித் தைத்துக்கொள்ளலாம். அணிக்கு மூன்று பேர், எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். நடக்க முடிகிறவர்களுக்கும் இதே விதிதான். உட்கார்ந்த பிறகு சக்கர நாற்காலி மாணவிக்கு யாரும் சலுகை கொடுக்கத் தேவையில்லை. அந்த நாற்காலியில் இருந்தே பழகிய கை என்பதால் அவள்தான் முன்னால் நிற்பாள்.

இதை மண் திடலில் வைத்தால் காரியம் கெடும். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. மணலில் புதையும், கல்லில் தடுக்கும், ஆளோடு முன்னால் கவிழும். ஊன்றுகோலின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் காய்ந்த மண்ணில் வழுக்கும். ஆகவே போச்சியாவுக்குக் கூடைப்பந்துத் தளமோ சிமெண்டு முற்றமோ வேண்டும். அங்கே போகும் வழியில் ஒரே ஒரு படி இருந்தாலும் முந்தின நாளே பலகைச் சரிவு போட்டு, அதில் நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். கழிவறைக்குப் போகும் வழியையும் இதேபோல் சரிபார்ப்பது அவசியம். கழிவறைக்குப் போக முடியாது என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. வெயிலில் அது நேராக மயக்கத்தில் கொண்டுவிடும்.

இரண்டாவது, உட்கார்ந்து குண்டு எறிதல். இதிலும் அணிக்கு மூன்று பேர், எல்லோரும் உட்கார்ந்தே எறிவார்கள். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பூட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. எறிகிற வேகத்தில் நாற்காலி பின்னால் சாயும். கனமான மர நாற்காலி ஒன்றை நான்கு பக்கமும் முளையடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இருக்கை 75 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்து, இடுப்பில் ஒரு பட்டை போட வேண்டும். இரும்புக் குண்டைப் பிடிக்க விரல் வராதவர்களுக்கு மரக் கட்டை எறிதல் இருக்கிறது. பாராலிம்பிக்கிலும் அது தனிப் போட்டி.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் உட்கார விரும்பவில்லை, 80 மீட்டர் ஓட வேண்டும் என்கிறான். அதற்கும் வழி உண்டு. விழாவுக்கு முன் இரண்டு முறை அவனது நேரத்தைக் குறிக்க வேண்டும். அவன் 14 விநாடியில் 50 மீட்டர் போகிறான். அதே பிரிவில் மற்றவர்கள் 80 மீட்டருக்கு ஏறக்குறைய 14 விநாடி எடுக்கிறார்கள் என்றால், அவனுடைய தொடக்கக் கோடு 30 மீட்டர் முன்னால். முடிவுக்கோடு எல்லோருக்கும் ஒன்றே. நேர்ப்பாதை என்பதால் திரும்பும் தடுமாற்றமும் இல்லை. முன்னால் நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தால், தன் பழைய நேரத்தை முந்தினால் அணிக்குப் புள்ளி என்ற முறையை வைக்கலாம். எது என்று தேர்ந்தெடுக்க வேண்டியவன் அவனே. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு சிறுவயதில் பேருந்து ஏறி வலக்காலில் ஊனமடைந்தவர். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கைகாட்டியதால் உயரம் தாண்டத் தொடங்கி, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

பொறுப்புகளைப் பிரிக்கும்போது ஒருவருக்கு ஒரு வேலை என்ற விதியை மீறக்கூடாது. உடற்கல்வி ஆசிரியரே விசிலும் ஊதி, நேரமும் பார்த்து, ஒலிபெருக்கியிலும் பேசினால், யாராவது விழும்போது கவனிக்க ஆளிருக்காது. அவருக்கு அன்று எந்த வேலையும் இல்லாமல் திடலைச் சுற்றி வருவதுதான் வேலை. ஓட்டத்தைத் தொடங்குபவர் ஒருவர். ஓடுபவர்களை முன்கூட்டியே அழைத்து வரிசைப்படுத்துபவர் ஒருவர். இவர் இல்லாத பள்ளிகளில்தான் விழா இழுத்துக்கொண்டே போகிறது. முடிவுக்கோட்டில் மூன்று நடுவர்கள், ஆளுக்கொரு இடம்: ஒருவர் முதலிடத்தை மட்டும் பார்ப்பார், அடுத்தவர் இரண்டாமிடத்தை மட்டும், மூன்றாமவர் மூன்றாமிடத்தை மட்டும். மூவரும் எல்லாவற்றையும் பார்த்தால் மூன்று விதமான முடிவுகள் வரும். பதிவேட்டில் எழுதுபவர் ஒருவர். அவர் எழுதிய தாளில் இருப்பதை மட்டுமே அறிவிப்பாளர் படிக்கலாம்.

முதலுதவிக்கு ஓர் ஆசிரியரும் ஒரு செவிலியரும், நிழலில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பட்டியல் இவர்களிடம் மட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற காகிதமல்ல அது. வெயிலில் தலைசுற்றி உட்காரும் பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து விசிறி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் சரியாகிவிடும். பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வேறு. வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். தண்டுவடம் பாதித்த பிள்ளைகளுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்க்காது. அவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் சூடாவார்கள், ஆகையால் அவர்களுடைய போட்டி வெயில் ஏறும் முன் முடிய வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வாயில் திறந்திருக்கிறதா, அதன் முன்னால் பைக்குகள் நிற்கின்றனவா என்று பார்க்கக் காவலாளியையும் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். பைக்குகள் எப்படியும் அங்கேதான் நிற்கும்.

கால அட்டவணை கூட்டல் கணக்கு. தகுதிச் சுற்றுகளும் தாண்டுதல் போட்டிகளும், நின்று எறிகிற குண்டு எறிதலும் முந்தைய வார மாலைகளில் முடிந்துவிட வேண்டும். அன்று இறுதிப் போட்டிகள் மட்டும். இளையோர், மூத்தோர், அதில் மாணவர், மாணவியர் என நான்கு பிரிவு. 80 மீட்டர் ஓட்டம் 14 விநாடியில் முடிந்தாலும், அழைத்து, நிறுத்தி, ஓடி, எழுதி முடிக்க 5 நிமிடம், நான்குக்கு 20. 200 மீட்டருக்குப் பிரிவுக்கு 6 நிமிடம், மொத்தம் 24. ஆளுக்கு 50 மீட்டர் என்று ஒரு சுற்றுத் தொடர் ஓட்டம், பிரிவுக்கு 8 நிமிடம், மொத்தம் 32. போச்சியா இறுதியாட்டம் 25, உட்கார்ந்து குண்டு எறிதல் 20. கொடியேற்றம், அணிவகுப்பு, உறுதிமொழி 25. பரிசளிப்பும் விருந்தினர் உரையும் 30. கூட்டினால் 176 நிமிடம். தாமதத்துக்கு 24 நிமிடம் சேர்த்தால் 200. காலை 7.30க்குத் தொடங்கினால் 10.50க்கு முடியும், பிள்ளைகள் உச்சிவெயிலில் நிற்க வேண்டியதில்லை.

போச்சியாவும் உட்கார்ந்து எறிவதும் இந்த அட்டவணையில் அணிவகுப்பு முடிந்தவுடனே வர வேண்டும், வேறெதுவும் நடக்காத நேரத்தில். ஓரத்தில், தொடர் ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். புள்ளிப் பலகையில் மட்டும் எண் மாறும். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று எல்லாப் போட்டிக்கும் ஒரே புள்ளிதான்.

அட்டவணையை உடைப்பது பெரும்பாலும் விருந்தினரின் கார். 9 மணிக்கு வருகிறவருக்காக 7.30 அணிவகுப்பை நிறுத்தி வைத்தால் எல்லாம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் முதல் ஓட்டம் குறித்த நேரத்தில் தொடங்கும், அவருக்குக் கடைசி அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று தலைமையாசிரியர் கையெழுத்துடன் ஆவணத்தில் எழுதி, அழைப்பிதழிலும் அந்த நேரத்தையே அச்சிட வேண்டும்.

கடைசிப் பக்கம் விழா முடிந்த அன்று மாலையில் நிரப்ப வேண்டியது. எந்தப் போட்டி எத்தனை நிமிடம் மிஞ்சியது, யார் எங்கே எப்படி விழுந்தார், கோலமாவு எத்தனை கிலோ ஆனது, பலகைச் சரிவு தாங்கியதா என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். உடற்கல்வி ஆசிரியர் இடமாறுதலில் போனால் அளவுகளும் அவரோடு போய்விடும். அடுத்தவர் மறுபடி டேப்பைப் பிடிக்க வேண்டும். அதனால் ஒரு படி தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கட்டும்.